சரி, தவறு எண்ணிக்கைக்கு அப்பால்: வகுப்புத் தேர்வின் வினாப் பகுப்பாய்வு அட்டவணை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

வகுப்புத் தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை மாணவர் சரியாக விடையளித்தனர், எத்தனை பேர் தவறினர் என எண்ணி அட்டவணையிடும் வழக்கம் உள்ளது. கல்வியியல் மாணவர்களின் அடைவுத் தேர்வு ஏடுகளிலும், கருவி உருவாக்கம் பற்றிய ஆய்வேட்டு இயல்களிலும் இதுவே வினாப் பகுப்பாய்வு என்னும் பெயரில் இடம்பெறுகிறது. இவ்வட்டவணை எவற்றைக் காட்டாமல் விடுகிறது என்பதையும், அதிலிருந்து பெறப்படும் குறியெண்கள் சிறிய வகுப்பில் எவ்வளவு தூரம் நிலைநிற்கும் என்பதையும் ஒரு தமிழ் இலக்கணத் தேர்வை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வினாப் பகுப்பாய்வு, கடினநிலைக் குறியெண், பிரித்தறி குறியெண், திசைதிருப்பிகள், விடைக்குறிப்பு.

அட்டவணையும் அதன் மௌனமும்

நாற்பது மாணவர் கொண்ட பத்தாம் வகுப்பு ஒன்றில், இருபது பலவுள் தெரிவு வினாக்கள் அடங்கிய இலக்கணத் தேர்வு நடத்தப்பட்டதாகக் கொள்வோம். இங்குத் தரப்படும் எண்கள் விளக்கத்தின் பொருட்டு அமைத்துக்கொண்டவை. எந்தப் பள்ளியிலும் திரட்டப்பட்டவை அல்ல. ஆயினும் இவற்றின் போக்கு விடைத்தாள் திருத்திய எவருக்கும் பழக்கமானதாகவே இருக்கும். இருபது வினாக்களுள் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

| வினா | சரி | தவறு |
|---|---|---|
| 4 | 38 | 2 |
| 7 | 14 | 26 |
| 11 | 14 | 26 |
| 20 | 15 | 25 |

சரியாக விடையளித்தோர் எண்ணிக்கையை மொத்த மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் கடினநிலைக் குறியெண் கிடைக்கும். நான்காம் வினாவுக்கு அது 0.95, ஏழாம், பதினொன்றாம் வினாக்களுக்கு 0.35, இருபதாம் வினாவுக்கு 0.375, அதாவது ஏறத்தாழ 0.38. பெயர் கடினநிலை என்றிருந்தாலும், எண் உயர உயர வினா எளிதாகிறது. பெயரும் எண்ணும் எதிரெதிர்த் திசையில் செல்வதால், '0.95 பெற்றமையால் இவ்வினா மிகக் கடினமானது' என்பது போன்ற தொடர்கள் எழுதப்பட்டு, எவராலும் திருத்தப்படாமல் கட்டமைப்புச் செய்யப்பட்ட ஏடுகளிலும் தங்கிவிடுகின்றன. எளிமைக் குறியெண் என்று பெயரிட்டிருந்தால் இக்குழப்பம் நேர்ந்திராது.

இவ்வட்டவணையை மட்டும் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் என்ன முடிவுக்கு வருவார்? ஏழும் பதினொன்றும் ஒரே அளவு கடினமானவை; இரண்டையும் மீண்டும் கற்பிக்க வேண்டும்; இருபதாவதும் அவற்றை ஒட்டியதே. முடிவு இயல்பானதாகத் தோன்றுகிறது. ஆனால் இம்மூன்று வினாக்களிலும் நிகழ்ந்தவை முற்றிலும் வேறுவேறானவை. ஒன்றில் மாணவர் ஒரு விதியைத் தவறாக உள்வாங்கியுள்ளனர். மற்றொன்றில் தவறு வினாவைத் தயாரித்தவருடையது. மூன்றாவதில் நேரம் போதவில்லை.

ஒரே எண், இரு வேறு நிகழ்வுகள்

ஏழாம் வினா: 'கீழ்க்காணும் சொற்களுள் முற்றியலுகரத்தில் முடிவது எது?' தரப்பட்ட விடைகள் பட்டு, வரகு, பசு, பந்து. விடை பசு. பதினொன்றாம் வினா: 'மலர்விழி என்பது எவ்வகைத் தொகை?' தரப்பட்ட விடைகள் வினைத்தொகை, உவமைத்தொகை, பண்புத்தொகை, உம்மைத்தொகை. விடைக்குறிப்பில் உவமைத்தொகை எனக் குறிக்கப்பட்டுள்ளது.

இவ்விரு வினாக்களையும் வேறுபடுத்திக் காண இரண்டு செய்திகள் தேவை. மாணவர் எந்த விடையைத் தேர்ந்தனர் என்பது ஒன்று. தேர்ந்தவர் மொத்த மதிப்பெண்ணில் எந்நிலையில் உள்ளவர் என்பது மற்றொன்று. விடைத்தாள்களை மொத்த மதிப்பெண்ணின் இறங்குவரிசையில் அடுக்கி, மேலிருந்து பதினொன்றை உயர்குழுவாகவும், கீழிருந்து பதினொன்றைத் தாழ்குழுவாகவும் பிரிப்பது மரபு. நாற்பதில் 27 விழுக்காடு 10.8 ஆதலால் பதினொன்று எனக் கொள்கிறோம். எஞ்சிய பதினெட்டு இடைக்குழு.

| வினா 7 | உயர் (11) | இடை (18) | தாழ் (11) | மொத்தம் |
|---|---|---|---|---|
| பசு (விடை) | 9 | 4 | 1 | 14 |
| வரகு | 2 | 10 | 6 | 18 |
| பட்டு | 0 | 2 | 2 | 4 |
| பந்து | 0 | 2 | 2 | 4 |

| வினா 11 | உயர் (11) | இடை (18) | தாழ் (11) | மொத்தம் |
|---|---|---|---|---|
| உவமைத்தொகை (விடை) | 3 | 6 | 5 | 14 |
| வினைத்தொகை | 8 | 8 | 2 | 18 |
| பண்புத்தொகை | 0 | 3 | 3 | 6 |
| உம்மைத்தொகை | 0 | 1 | 1 | 2 |

இறுதி நெடுவரிசையை மட்டும் பார்த்தால் இவ்விரண்டும் இன்னும் ஒத்தே தோன்றுகின்றன. இரண்டிலும் விடையைத் தேர்ந்தோர் 14 பேர். அதனை முந்திய திசைதிருப்பியைத் தேர்ந்தோர் 18 பேர். குழுவாரியாகப் பிரித்த பின்னரே வேறுபாடு வெளிப்படுகிறது. உயர்குழுவில் சரியாக விடையளித்தோரிலிருந்து தாழ்குழுவில் சரியாக விடையளித்தோரைக் கழித்து, ஒரு குழுவின் எண்ணிக்கையால் வகுத்தால் பிரித்தறி குறியெண் வரும். ஏழாம் வினாவுக்கு (9 − 1) ÷ 11 = 0.73. பதினொன்றாம் வினாவுக்கு (3 − 5) ÷ 11 = −0.18.

ஏழாம் வினா கடினமானது. ஆயினும் நல்ல வினா. பாடத்தை அறிந்தவர் அதில் வென்றனர், அறியாதவர் தோற்றனர். எப்படித் தோற்றனர் என்பதுதான் ஆசிரியருக்குப் பயன்படும் செய்தி. தவறிய இருபத்தறுவரில் பதினெண்மர் வரகு என்னும் ஒரே சொல்லில் குவிந்துள்ளனர். விடை தெரியாமல் கண்மூடிக் குறித்திருந்தால் பட்டு, வரகு, பந்து மூன்றிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருப்பர். ஆகவே இது அறியாமையன்று. தவறான ஓர் அறிவு. தனிக்குறிலை அடுத்து வரும் வல்லின உகரம் குறுகாது என்பது விதி. இதனைக் குறிலை அடுத்து வரும் உகரம் குறுகாது என்று உள்வாங்கிய மாணவர், வரகு என்னும் சொல்லில் 'கு'வுக்கு முன் 'ர' என்னும் குறில் நிற்பதைக் கண்டு அதனைத் தேர்ந்திருக்கிறார் எனக் கொள்ள இடமுண்டு. 'தனி' என்னும் ஒரு சொல் வகுப்பறையில் தவறிப்போயிருக்கிறது. பட்டும் பந்தும் மெய்யெழுத்தை அடுத்து முடிவதால் அவர்களை ஈர்க்கவில்லை. இதற்குக் குற்றியலுகரம் முழுவதையும் மீண்டும் நடத்த வேண்டியதில்லை. பசு, வரகு என்னும் இரு சொற்களை அருகருகே எழுதி எழுத்துகளை எண்ணச் செய்வது போதும்.

பதினொன்றாம் வினாவின் நிலை வேறு. மொத்த மதிப்பெண்ணில் முன்னிற்கும் பதினொருவரில் எண்மர் வினைத்தொகை என விடையளித்துள்ளனர். வகுப்பின் சிறந்த மாணவர் ஒரே தவறான விடையில் ஒன்றுகூடுவார்களாயின், ஐயம் முதலில் விடைக்குறிப்பின் மீதே செல்ல வேண்டும். மலர் போன்ற விழி என விரித்தால் உவமைத்தொகை. மலர்ந்த விழி, மலர்கின்ற விழி, மலரும் விழி என முக்காலத்திற்கும் விரித்தால், காலங்காட்டும் இடைநிலையும் பெயரெச்ச விகுதியும் மறைந்து நின்ற வினைத்தொகை. இரண்டும் இலக்கணத்தோடு பொருந்துவன. தொகைச்சொல் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்பட மயங்கி நிற்கக்கூடும் என்பதை நன்னூலார் தனியே குறித்து, அப்பொருள்கள் இரண்டு முதல் ஏழு வரை செல்லும் என எல்லையும் வகுத்துள்ளார். முக்காலத்திற்கும் விரித்துப் பார் என்று வகுப்பில் கற்பித்த சோதனையை ஊன்றிக் கற்றவரே இங்கு மதிப்பெண் இழந்துள்ளனர்.

சரி, தவறு எண்ணிக்கையை மட்டும் நம்பிய ஆசிரியர் அடுத்த நாள் வகுப்பில் உவமைத்தொகையை மீண்டும் நடத்துவார்; மலர்விழி வினைத்தொகை ஆகாது என்றும் வற்புறுத்துவார். எண்மரும் தாம் சரியாக அறிந்திருந்ததைக் கைவிடுவர். தவறான விடைக்குறிப்பு ஒரு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை என்பதால்தான் இவ்வினாவை இவ்வளவு விரிவாக எடுத்துக்கொண்டேன்.

இரு விடைகளையும் ஏற்று மறுமதிப்பீடு செய்தால் சரியாக விடையளித்தோர் 32 ஆகின்றனர். உயர்குழுவில் பதினொருவர், தாழ்குழுவில் எழுவர். பிரித்தறி குறியெண் 0.36 ஆக உயர்கிறது. மதிப்பெண் மாறினால் தரவரிசையும் மாறும். குழுக்களை மீண்டும் பிரித்த பிறகே இவ்வெண்ணை இறுதியாகக் கொள்ள வேண்டும். அடுத்த முறை இவ்வினாவைப் பயன்படுத்துவதாயின் மலர்விழியை நீக்கி, ஒரு வகையில் மட்டுமே விரியும் சொல்லை இடுவதே நேரிய வழி.

எழுதாத விடை

இருபதாம் வினாவில் தவறியோர் 25 எனக் கண்டோம். அவர்களுள் பதினொருவர் எந்த விடையையும் குறிக்கவில்லை. அப்பதினொருவரில் ஒன்பதின்மர் 18, 19 ஆகிய வினாக்களையும் எழுதவில்லை. அவர்கள் வினாவை அடையவே இல்லை. அவர்களை விலக்கினால் வினாவை அடைந்தோர் 31. அவருள் சரியாக விடையளித்தோர் 15. குறியெண் 0.38 அன்று, 0.48. எஞ்சிய இருவர் 19ஆம் வினாவை எழுதி இதனை மட்டும் விட்டுள்ளனர். நேரமின்மையாலா, விடை தெரியாமையாலா என்பதைத் தாளைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. எழுதப்படாதவற்றுக்கு அட்டவணையில் ஒரு தனி நெடுவரிசை வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குக் கூடுதலாகச் செலவாவது சில நிமிடங்களே.

0.20 என்னும் எல்லைக்கோடு

ஆய்வேடுகளில் வினாக்களைத் தேர்வதற்கும் நீக்குவதற்கும் பெரிதும் கையாளப்படுவது இராபர்ட் ஈபெல் வகுத்தளித்த அளவுகோல். பிரித்தறி குறியெண் 0.40க்கு மேற்பட்டால் மிக நன்று, 0.30 முதல் 0.39 வரை நன்று, 0.20 முதல் 0.29 வரை திருத்தத்திற்குரியது. அதற்குக் கீழ்ப்பட்டால் நீக்கவோ முழுமையாக மாற்றியமைக்கவோ வேண்டும். வழிகாட்டும் குறிப்பாக இது பயனுடையது. இதனைச் சட்டமாகக் கொள்வதில்தான் இடர் தோன்றுகிறது.

உயர்குழுவில் எழுவரும் தாழ்குழுவில் ஐவரும் சரியாக விடையளித்த ஒரு வினாவை எண்ணிப் பாருங்கள். குறியெண் 0.18; வினா நீக்கப்படும். உயர்குழுவில் இன்னும் ஒருவர் சரியாகவும், தாழ்குழுவில் இன்னும் ஒருவர் தவறாகவும் குறித்திருந்தால் எண் 0.36 ஆகி, அதே வினா 'நன்று' எனத் தேர்வாகும். இரண்டு மாணவரின் இரண்டு குறிகள் நீக்கத்தைத் தேர்வாக்கிவிடுகின்றன. குழுவுக்குப் பதினொருவர் எனில் ஒரு மாணவரின் எடை 0.09. நடுத்தரக் கடினமுடைய வினாவின் பிரித்தறி குறியெண்ணுக்கு இந்த அளவில் திட்டப்பிழை ஏறத்தாழ 0.21. அதாவது 0.27 என வந்த ஒரு குறியெண்ணைச் சுழியிலிருந்து வேறுபட்டது என்று உறுதிபடக் கூறவும் இயலாது. இத்தகைய எண்களை இரண்டு தசம இடங்களுக்குக் கணக்கிட்டு, 0.19ஐ நீக்கி 0.20ஐ வைத்துக்கொள்ளும் ஆய்வேடுகள் துல்லியத்தின் தோற்றத்தை மட்டுமே தருகின்றன.

27 விழுக்காடு என்னும் பிரிவு எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கு நினைவுகூரல் தகும். ட்ரூமன் கெல்லி 1939இல் வெளியிட்ட கட்டுரையில், மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் அமையும்போது குழுக்கள் தம்முள் நன்கு வேறுபடவும் வேண்டும், போதிய எண்ணிக்கையிலும் இருக்க வேண்டும் என்னும் இரு தேவைகளுக்கும் இடையே 27 விழுக்காடு உகந்த சமநிலை எனக் காட்டினார். கையால் எண்ணும் காலத்தில் அது உழைப்பையும் குறைத்தது. 370 தாள்கள் இருந்தால் குழுவுக்கு நூறு தாள்கள் அமையும், திட்டப்பிழை 0.07 அளவுக்குச் சுருங்கும். நாற்பது தாள்களில் அதே விழுக்காட்டைப் பின்பற்றும்போது பதினெட்டு மாணவரின் விடைகளை நாமே வீசியெறிகிறோம். பதினொன்றாம் இடத்திலும் பன்னிரண்டாம் இடத்திலும் உள்ளவர் ஒரே மதிப்பெண் பெற்றிருந்தால் யாரை உயர்குழுவில் சேர்ப்பது என்னும் வினாவும் எழும். பதிவெண்ணில் முந்தியவரைச் சேர்ப்பதே பலரின் வழக்கம். அதற்குக் காரணம் ஏதும் இல்லை.

சிறிய வகுப்பில் தாள்களைச் சரிபாதியாக மேல், கீழ் எனப் பிரிப்பது இதனினும் மேலானது. கணினியில் விரிதாள் உள்ளவர் குழுக்களையே தவிர்த்துவிடலாம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரிசையும் ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு நெடுவரிசையும் ஒதுக்கி, சரிக்கு 1, தவறுக்கு 0 என இட்டு, வினாவின் நெடுவரிசைக்கும் மொத்த மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழுவைக் காணலாம். இதில் ஒரு கவனம் தேவை. மொத்த மதிப்பெண்ணில் அவ்வினாவின் மதிப்பெண்ணும் அடங்கியிருப்பதால் ஒட்டுறவு செயற்கையாக உயரும்; ஆகவே அதனைக் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும். வினாக்கள் B முதல் U வரையும், மொத்தம் V நெடுவரிசையிலும், மாணவர் 2 முதல் 41 வரையிலான வரிசைகளிலும் இருப்பின், ஏழாம் வினாவுக்கு W நெடுவரிசையில் முதல் வாய்பாட்டை இட்டுக் கீழ்வரை நகலெடுத்து, இரண்டாவதை வேறொரு கட்டத்தில் இடலாம்.

```
=V2-H2
=CORREL(H2:H41,W2:W41)
```

இதுவும் நாற்பது மாணவரைக் கொண்டே பெறப்படுகிறது. பெரிய உறுதியை இதனிடமும் எதிர்பார்த்தல் கூடாது. எவரையும் வீசியெறிவதில்லை என்பதே இதன் சிறப்பு.

எல்லாரும் அறிந்த வினா

நான்காம் வினாவைச் சுருக்கமாகக் காண்போம். குற்றியலுகரத்தின் வகைகள் எத்தனை என்பது வினா. சரியாக விடையளித்தோர் 38, உயர்குழுவில் பதினொருவர், தாழ்குழுவில் ஒன்பதின்மர், குறியெண் 0.18. ஈபெலின் அளவுகோற்படி நீக்கத்தக்கது. ஆனால் ஏறத்தாழ அனைவரும் சரியாக எழுதும் வினாவால் மாணவரைப் பிரிக்க இயலாது என்பது கணக்கின் இயல்பு, வினாவின் குறையன்று. மாணவரை வரிசைப்படுத்தித் தேர்ந்தெடுக்கும் போட்டித் தேர்வுக்கு அது பயனற்றதாகலாம். கற்பித்தது சென்று சேர்ந்ததா என்று அறிய நடத்தும் வகுப்புத் தேர்வில் 38 பேர் சரியாக எழுதியது நற்செய்தியே. அது கற்பித்தலால் வந்ததா என்று அறிய விரும்புவோர், கற்பிப்பதற்கு முன்னும் பின்னும் அவ்வினாவைக் கொடுத்து இரு கடினநிலைக் குறியெண்களின் வேறுபாட்டைக் காண வேண்டும். இரண்டு நோக்கங்களுக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவதே வகுப்புத் தேர்வு பற்றிய ஆய்வேடுகளில் காணும் அடிப்படைப் பிழை எனலாம்.

இதனோடு ஒட்டிய மற்றொரு வரம்பும் உண்டு. பிரித்தறி குறியெண் மொத்த மதிப்பெண்ணைச் சான்றாக வைத்தே வினாவை மதிப்பிடுகிறது. இருபது வினாக்களில் பதினாறு வினாக்கள் வரையறைகளை மனப்பாடமாகக் கேட்பவையாக இருந்தால், மொத்த மதிப்பெண் மனப்பாடத் திறனையே அளக்கும். அதில் புதிய தொடர் ஒன்றைக் கொடுத்துப் பகுத்தறியச் சொல்லும் வினா தாழ்ந்த குறியெண்ணையே பெறக்கூடும். அதனை நீக்கிவிட்டு எஞ்சியவற்றைக் கொண்டு தேர்வை அமைத்தால் நம்பகத்தன்மை உயரும். தேர்வு மேலும் மனப்பாடத்தை நோக்கிச் சாயும். வினாவை நீக்குமுன் அதன் பாடநோக்கத்தையும் ஆய்வாளர் குறிப்பிட வேண்டும் என நெறியாளர்கள் வற்புறுத்துவது இக்காரணத்தாலேயே பொருளுடையதாகிறது.

வேறோர் அட்டவணை

கணக்கீடுகளை விரும்பாத ஆசிரியருக்கு 1970களில் சப்பானில் தகாகிரோ சாட்டோ உருவாக்கிய மாணவர்–வினா அட்டவணை ஏற்றது. மாணவரை மொத்த மதிப்பெண்ணின் இறங்குவரிசையில் மேலிருந்து கீழாகவும், வினாக்களை எளியதிலிருந்து கடினமானதற்கு இடமிருந்து வலமாகவும் அடுக்கி, கட்டங்களில் 1, 0 மட்டும் இடுவர். எல்லாம் எதிர்பார்த்தவாறு அமைந்தால் இடப்பக்க மேற்பகுதி ஒன்றுகளாலும், வலப்பக்கக் கீழ்ப்பகுதி சுழிகளாலும் நிரம்பும். மேற்கண்ட தேர்வை இவ்வாறு அடுக்கினால் ஏழாம் வினாவின் நெடுவரிசையில் ஒன்றுகள் பெரும்பாலும் மேற்பகுதியிலேயே திரண்டிருக்கும். அதே எண்ணிக்கை பெற்ற பதினொன்றாம் வினாவின் நெடுவரிசையில் மேலிருந்து முதல் பதினொரு கட்டங்களில் எட்டு சுழிகள் தென்படும். ஒன்றுகள் கீழே சிதறிக் கிடக்கும். சுழிகளுக்கு மாறாக மாணவர் குறித்த விடையின் எழுத்தையே இட்டால் அவ்வெட்டும் ஒரே எழுத்தாக இருப்பது கண்ணில் படும். எழுதாத இடங்களைக் கோடிட்டால், இருபதாம் வினாவில் எங்கே கோடு விழுந்துள்ளதோ அதே மாணவரின் வரிசையில் பெரும்பாலும் 18, 19ஆம் வினாக்களிலும் கோடு இருப்பது தெரியும். ஓர் ஆசிரியர் இதனை வரைந்து முடிக்க ஒரு பாடவேளை போதும்; விடைத்தாள்களை மாணவரிடம் திருப்பித் தருவதற்கு முன் வரைந்தால் விடைக்குறிப்பைத் திருத்தவும் காலம் இருக்கும்.